பாய் விரித்துக் காட்டிய அறை

வாடகைக்கு விடும் வீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்து விளம்பரத்தோடு சேர்க்கும் வழக்கம் பற்றிச் சில அன்பர்கள் கேட்டிருந்தனர். பொதுப்படையாக விடை எழுதுவதைவிட, அண்மையில் செம்பூரில் ஒரு ஜாகைக்கு நான் திட்டம் போட்டுப் படமெடுத்த கதையைச் சொல்வதே பயன் தரும் என்று எண்ணுகிறேன். அந்த வேலையில் நான் ஈடுபட்டதற்குக் காரணம், அதே ஜாகைக்கு முன்பு எடுத்திருந்த ஒரு படம் விளைத்த சங்கடம்.

ஜாகை நம் சங்கத்து அம்மையார் ஒருவருடையது. கணவர் காலத்தில் வாங்கியது. மகள் வீட்டோடு போய்த் தங்கிவிட்ட பிறகு, அதன் வாடகையே அவருடைய மருந்துக்கும் கைச்செலவுக்கும் ஆதாரம். ஒரு ஹால், ஒரு படுக்கை அறை, ஒரு சமையலறை, குளிக்கும் அறை, கழிவறை, இவற்றை இணைக்கும் ஒரு சிறு நடை, அவ்வளவுதான். சென்ற ஆண்டு தரகர் அனுப்பிய பையன் ஒருவன் வந்து, அறைக்கு ஒரு மூலையாக நின்று, ஐந்தே நிமிடத்தில் ஒரு வீடியோ எடுத்துப் போனான். மிக அழகான படம். கோயம்புத்தூரிலிருந்து வேலை மாற்றலாகி வரவிருந்த ஒரு குடும்பத்தார் அதைப் பார்த்து மகிழ்ந்து, முன்பணத்தை அனுப்பிவிட்டு, லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தனர். சாமான்களில் தலையாயது அந்த வீட்டு அம்மாளின் கல்யாணத்துக்குச் செய்த தேக்குக் கட்டில். அகலம் 6 அடி. நீளம் 6½ அடி.

கட்டில் படுக்கை அறைக்குள் செல்லவே செய்தது. ஆனால் போட்ட பிறகு சுவரலமாரியின் கதவு திறக்கவில்லை. திருப்பிப் போட்டார்கள், அப்பொழுதும் திறக்கவில்லை. கடைசியில் கட்டில் ஹாலுக்கு வந்தது. ஹாலில் இருக்கவேண்டியவை நடைக்கு வந்தன. நடையில் மனிதர் ஒருக்களித்துப் போகவேண்டியதாயிற்று. நான்காம் மாதம் அவர்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டனர். அதன்பின் இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது. “நான் ஒரு பொய்யும் சொல்லவில்லையே தம்பி, இருந்த அறையைத்தானே காட்டினார்கள்” என்று அம்மையார் என்னிடம் வருந்தினார். அவர் சொன்னது உண்மை. இருந்த அறையைத்தான் காட்டினார்கள். காட்டிய விதத்தில்தான் கோளாறு.

இன்றைய கைப்பேசிகள் பலவற்றில் பின்புறம் ஒன்றுக்கு மேற்பட்ட கண்ணாடிக் கண்கள் இருக்கின்றன. படம் எடுக்கும்போது திரையின் அடியில் 0.5x என்றும் 1x என்றும் எழுத்துக்கள் தோன்றுமே, அவை எந்தக் கண்ணால் பார்க்கிறோம் என்பதைக் குறிப்பவை. 0.5x என்பது மிக அகன்ற பார்வையுடையது. மூலையில் நின்று அதால் எடுத்தால் நான்கு சுவர்களில் மூன்று ஒரே சட்டத்துக்குள் அடங்கிவிடும். அடங்குவதோடு நின்றால் தோஷமில்லை. அந்தக் கண், அருகில் உள்ளதைப் பெரிதாகவும் தொலைவில் உள்ளதை மேலும் தொலைவாகவும் காட்டும். எதிர்ச்சுவர் பின்னுக்கு ஓடிப்போகும். ஒன்பதடி அறை பதினைந்தடி அறைபோல் தோன்றும். படம் பார்த்த கோயம்புத்தூர்க் குடும்பத்தார் கட்டிலைச் சுற்றி நடந்து வரலாம் என்று நினைத்ததில் வியப்பில்லை.

ஆகவே, புதிய படத்துக்கு நான் வகுத்த முதல் விதி, அறைகளை 1x கண்ணால் மட்டும் எடுப்பது. மூலையில் நிற்காமல் வாசற்படியில் நிற்பது. குடிவருபவர் வீட்டை முதன்முதல் பார்ப்பது வாசற்படியிலிருந்துதான். இரண்டாவது விதி, தலைவாசலில் தொடங்கிய படம் வீடு முழுவதையும் சுற்றிவிட்டு மீண்டும் ஹாலுக்கு வரும்வரை அறுபடக் கூடாது என்பது. துண்டு துண்டாக எடுத்து ஒட்டிய படத்தில் சமையலறை ஹாலுக்கு வலப்புறமா இடப்புறமா, கழிவறைக் கதவு எதற்கு எதிரே திறக்கிறது என்பவை எவருக்கும் விளங்கா. தொடர்ந்து நடந்து காட்டினால் பார்ப்பவர் மனத்தில் வீட்டின் வரைபடம் தானாக எழும். வெளிவாசலும் மாடிப்படியும் மட்டும் தனியே எடுக்கலாம். மூன்று மாடி ஏறுவதைக் காட்ட யாருக்கும் பொறுமை இராது.

படமெடுப்பதற்கு முந்தின நாள் அளவு நாடாவோடு சென்றேன். ஹால் 14 அடிக்கு 10 அடி. நடை 8 அடிக்கு 3 அடி. சமையலறை 8 அடிக்கு 7 அடி. குளிக்கும் அறை 6 அடிக்கு 4 அடி. கழிவறை 4 அடிக்கு 3½ அடி. படுக்கை அறை 10 அடிக்கு 9 அடி. ஆனால் பத்தடிச் சுவர் ஒன்று முழுவதும் 2 அடி ஆழமுள்ள சுவரலமாரி. எல்லாம் கூட்டினால் சுமார் 350 சதுர அடி. பழைய விளம்பரத்தில் 550 சதுர அடி என்று போட்டிருந்தார்கள். வெளிச்சுவர், மாடிப்படி முதலியவற்றில் ஒரு பங்கையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு அது. வீடு கட்டி விற்பவரை ஒழுங்குபடுத்த 2016-ல் இயற்றிய சட்டம், ‘கார்ப்பெட்’ பரப்பு என்பது உள்ளே புழங்கக்கூடிய தரைதான் என்றும், வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேரா என்றும் வரையறுத்திருக்கிறது. வாடகைக்கு வருகிறவர் பாய் விரிப்பதும் அந்தத் தரையில்தான். ஆகவே அந்தக் கணக்கையே சொல்வதென்று முடிவு செய்தோம்.

படுக்கை அறைக் கணக்கைச் சற்று விரிவாகப் பார்க்கவேண்டும். நாலு மாத மனக்கசப்பு முழுவதும் அதில் அடங்கியிருக்கிறது. அலமாரி போக எஞ்சிய தரை 10 அடி நீளம், 7 அடி அகலம். அலமாரியின் ஒரு கதவு திறக்க 1¾ அடி இடம் வேண்டும். கட்டிலின் 6½ அடி நீளத்தை அந்த ஏழடிக்குள் வைத்தால் மீதி அரையடி. திருப்பி, 6 அடி அகலத்தை வைத்தால் மீதி ஓரடி. எப்படிப் போட்டாலும், கட்டிலுக்கு நேரே உள்ள கதவுகள் திறக்கா. 4 அடிக் கட்டிலாக இருந்தால் 3 அடி மிஞ்சும். கதவும் திறக்கும், ஆளும் நிற்கலாம். இதை வாயால் சொன்னால் யார் காதில் ஏறும்? கண்ணுக்குக் காட்டவேண்டும். வெற்றறையில் அளவு தெரியாது. அளவு தெரிவதற்கு, எல்லோருக்கும் பழக்கமான ஒரு பொருள் தரையில் இருக்கவேண்டும். அம்மையார் வீட்டுப் பரணிலிருந்து இரண்டு கோரைப்பாய்களை எடுத்து, ஒவ்வொன்றும் 3 அடி அகலம், 6½ அடி நீளம் வரும்படி மடித்துப் பக்கத்தில் பக்கமாக விரித்தோம். பழைய தேக்குக் கட்டில் தரையில் மீண்டும் படுத்துக்கொண்டதுபோல் இருந்தது. அதன்மேல் அலமாரிக் கதவைத் திறந்தபோது, கதவின் விளிம்பு பாயின் மேலே வந்து நின்றது. அம்மையார் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று இரவு விளக்க உரையை எழுதினேன். உரையை முதலில் எழுதிவிட்டுத்தான் காட்சிக்கு நேரம் குறிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். எழுதியதை நிதானமாக வாய்விட்டு வாசித்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டால், ஒவ்வோர் அறையிலும் எத்தனை விநாடி நிற்கவேண்டும் என்பது தெரிந்துவிடும். என் வாயில் நிமிடத்துக்குச் சுமார் 90 சொற்கள் வருகின்றன. படம் இரண்டரை நிமிடம் என்றால் உரை ஒன்றே முக்கால் நிமிடத்துக்கு மேல் இருக்கலாகாது. மிச்ச நேரம் கண்ணுக்கு. வாடகை, முன்பணம் முதலிய தொகைகளை உரையில் சேர்க்கவில்லை. அவை மாறக்கூடியவை, எழுத்து விளம்பரத்தில் திருத்துவது எளிது.

காட்சித் திட்டமும் உரையும் வருமாறு அமைந்தன.

முதற்காட்சி தெருவிலிருந்து வெளிவாசல், பத்து விநாடி. பிறகு மாடிப்படியில் ஒரு திருப்பம் மட்டும், பன்னிரண்டு விநாடி. உரை: “செம்பூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வர 12 நிமிடம். நான்கு மாடிக் கட்டடம், லிப்ட் இல்லை. வீடு மூன்றாவது மாடி. ஏறவேண்டிய படிகள் 54.” படிகளின் எண்ணிக்கையைச் சொல்லவேண்டுமா என்று அம்மையார் தயங்கினார். முழங்கால் வலியுள்ள ஒரு பெரியவர் மூன்று மாடி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, “வேண்டாம்” என்று சொல்லிப் போவதைவிட, கோயம்புத்தூரில் நாற்காலியில் அமர்ந்தபடியே “வேண்டாம்” என்று சொல்வது இருவருக்கும் நல்லதல்லவா என்றேன்.

அடுத்தது தலைவாசல். கதவு திறக்கிறது, வாசற்படியில் ஐந்து விநாடி அசையாமல் நிற்கவேண்டும். பிறகு இடமிருந்து வலமாக மெல்லத் திரும்பவேண்டும். ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை பத்து விநாடிக்குக் குறைந்தால் பார்ப்பவருக்குத் தலை சுற்றும். உரை: “இது ஹால். 14 அடி நீளம், 10 அடி அகலம். ஜன்னல் வடக்கு நோக்கியது. வெயில் நேரே விழாது, பகலில் விளக்கு வேண்டாம். மின்விசிறி ஒன்று, குழல்விளக்கு ஒன்று வீட்டோடு தரப்படும்.” ஹாலுக்கு மொத்தம் இருபது விநாடி.

நடையில் ஆறு விநாடிதான். உரையும் ஒரே வாக்கியம்: “நடை 3 அடி, படுக்கை அறை வாசல் 2½ அடி; பெரிய பீரோ உடையவர்கள் கவனிக்க.”

சமையலறைக்கு இருபத்திரண்டு விநாடி ஒதுக்கினேன். இங்கே படமெடுப்பவர் ஒரு கையால் குழாயைத் திறக்கவேண்டும். தண்ணீர் விழும் வேகமும் அதன் ஓசையும் பதிவாகவேண்டும். “சமையலறை 8 அடிக்கு 7 அடி. மேடைக்குக் கீழே இரண்டு சிலிண்டர் வைக்க இடம். ஜன்னல் கட்டடத்தின் உள் இடைவெளியைப் பார்த்தது. பகலிலும் விளக்குப் போடவேண்டும். மாநகராட்சித் தண்ணீர் காலை 6 முதல் 8 வரை. மற்ற நேரத்தில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர். இப்பொழுது விழுவது அதுதான்.” கடைசி வாக்கியம் அவசியம். பிற்பகலில் குழாய் கொட்டுவதைக் காட்டிவிட்டு வாய் மூடியிருந்தால், பார்ப்பவர் நாள் முழுவதும் குடிதண்ணீர் வருவதாக எண்ணிக்கொள்வார்.

குளிக்கும் அறையையும் கழிவறையையும் 1x கண்ணால் முழுமையாகக் காட்ட முடியாது; வாசலில் நின்றால் பாதிச் சுவர்தான் தெரியும். பலர் இங்கேதான் மனம் சலித்து 0.5x-க்குத் தாவுகிறார்கள். அதற்குப் பதிலாக, வாசலிலேயே நின்று, கைப்பேசியை மேலே கூரையிலிருந்து கீழே தரை வரை மெதுவாக இறக்கினேன். வெந்நீர்ப் பெட்டி, குழாய், ஓடுகளின் நிலை, தரையின் வடிகால் எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. தரையில் ஒரு சாதாரண வாளியை வைத்திருந்தோம்; அது அளவுகோல். இரண்டுக்குமாகப் பதினாறு விநாடி. உரை அளவுகளை மட்டும் சொல்லிற்று.

படுக்கை அறைக்கு முப்பத்தாறு விநாடி. வாசலில் ஐந்து விநாடி நின்று, உள்ளே இரண்டடி வைத்து, பாய்களைக் காட்டி, அம்மையாரின் கை அலமாரிக் கதவைத் திறப்பதைக் காட்டவேண்டும். “படுக்கை அறை 10 அடிக்கு 9 அடி, அலமாரி போக 7 அடி அகலம். தரையில் விரித்திருக்கும் இரண்டு பாய்களும் சேர்ந்து ஒரு பெரிய இரட்டைக் கட்டிலின் அளவு. அந்தக் கட்டிலைப் போட்டால் எதிரே உள்ள அலமாரிக் கதவு திறக்காது. 4 அடி அகலக் கட்டில் தாராளமாக அடங்கும்.” அதன்பின் மேற்குச் சுவரின் கீழ்ப்பகுதிக்குப் பத்து விநாடி: “ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் இந்தச் சுவரில் ஓதம் காக்கும். பீரோவை இதை ஒட்டி வைக்கவேண்டாம்.” ஓதத்தைக் காட்டுவதா என்று வீட்டுக்காரர் எவரும் மலைப்பார். வெள்ளை அடித்து மூடியும் பார்க்கலாம். முதல் மழையில் அது கொப்புளித்து எழும், அப்பொழுது குடித்தனக்காரர் உள்ளே இருப்பார்.

பிறகு ஜன்னலைத் திறந்து, எட்டு விநாடி உரை எதுவும் இல்லாமல், வெளிச்சத்தத்தை மட்டும் கேட்கவிடவேண்டும். அங்கே ஹார்பர் லைன் ரயில் போகும் ஓசை நன்றாகக் கேட்கும். ரயில் வரும்வரை காத்திருந்து எடுத்தோம். கடைசிப் பத்து விநாடி மீண்டும் ஹால்: “பதினொரு மாத லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம், பதிவு செய்து தரப்படும். வீட்டை நேரில் பார்த்து ஒப்பந்தம் எழுதும் வரையில் நாங்கள் எவரிடமும் முன்பணம் கேட்பதில்லை.”

மகாராஷ்டிரத்தில் 1999-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி இத்தகைய ஒப்பந்தம் எழுத்தில் இருந்து பதிவாகவேண்டும். பதிவு செய்விப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. உரையின் இறுதி வாக்கியத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. பிறர் எடுத்த வீட்டுப் படத்தைத் திருடி, தம்முடையதுபோல் விளம்பரம் செய்து, வெளியூர்க்காரரிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மறைகிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்காரரின் குரலே படத்துக்குள் “முன்பணம் கேட்பதில்லை” என்று சொன்னால், திருடியவருக்கு அந்தப் படம் அவ்வளவாக உதவாது. குரலை நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாமே என்பீர்கள். அதற்காக அதே வாக்கியத்தைச் சட்டத்தின் நடுவில் மங்கலான எழுத்திலும் போட்டுவைத்தோம். கதவு எண், தபால் பெட்டியில் உள்ள பெயர், பூட்டு, மின் அளவியின் எண் இவை எவையும் படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் படமெடுத்தோம். படுக்கை அறை ஜன்னல் மேற்கு நோக்கியது என்பதால் பிற்பகலில் வெயில் உள்ளே அடிக்கும், காலைதான் ஏற்றது. கைப்பேசியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, இரண்டு கையாலும் நெஞ்சு உயரத்தில், தரையிலிருந்து சுமார் 4½ அடியில் பிடித்தேன். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, முழங்காலைச் சிறிது மடக்கி, குதிகாலை முதலில் ஊன்றி நடந்தால் ஆட்டம் குறையும். திரும்பும்போது கையை அசைக்காமல் இடுப்பைத் திருப்பவேண்டும்.

முதல் முயற்சி வீணாயிற்று. படுக்கை அறைக்குள் நுழைந்ததும் எதிரே ஜன்னல். கைப்பேசி அந்த ஒளியைக் கண்டு அஞ்சி அறை முழுவதையும் இருட்டாக்கிவிட்டது. பாயும் தெரியவில்லை, அலமாரியும் தெரியவில்லை. சற்றுத் திரும்பியதும் குபீரென்று வெளுத்தது. ஒளியின் அளவைக் கைப்பேசி தானாக மாற்றிக்கொண்டே இருப்பதால் வரும் தொல்லை இது. திரையில் ஓரிடத்தைச் சில விநாடி அழுத்திப் பிடித்தால், ஐபோனில் AE/AF LOCK என்று எழுத்துத் தோன்றும். அதன்பின் ஒளி அளவு மாறாது. பிற கைப்பேசிகள் பலவற்றிலும் அழுத்திப் பிடித்தால் ஒரு பூட்டுக்குறி வரும். ஆனால் எந்த இடத்தில் பூட்டுவது? வெளிச்சமான ஹாலில் பூட்டினால் சமையலறை கரியாகிவிடும். எல்லா விளக்குகளையும் போட்டுவிட்டு, நடுத்தரமான வெளிச்சமுள்ள நடைச் சுவரைப் பார்த்துப் பூட்டினோம். ஜன்னல்கள் வெறும் வெள்ளையாகத் தெரிந்தன. தெரியட்டும் என்று விட்டோம். ஜன்னலுக்கு வெளியே உள்ள காட்சியைப் புகைப்படமாகத் தனியே எடுத்து விளம்பரத்தில் சேர்த்தோம்.

இரண்டாவது முயற்சியில் சமையலறைச் சுவரில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஊர்ந்தன. கண்ணுக்குத் தெரியாது, படத்தில்தான் தெரியும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சியுடையது. விளக்கு அதனால் விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. கைப்பேசியோ பொதுவாக விநாடிக்கு 30 சட்டம் எடுக்கிறது. இரண்டு தாளமும் ஒன்றாததால்தான் பட்டை. விநாடிக்கு 25 சட்டமாக வைத்துக்கொண்டால் அநேகமாக மறைந்துவிடும். ஐபோனில் அமைப்புகளில் கேமரா பகுதிக்குள் Show PAL Formats என்பதை இயக்கினால் 25 என்ற தேர்வு வரும். அந்த வசதி இல்லாத கைப்பேசியானால், துடிக்கும் விளக்கை மாற்றிப் போடுவதே வழி. மூன்றாவது முயற்சி சரியாக அமைந்தது.

குரலை அங்கே பதிவு செய்யவில்லை. சாமானற்ற அறையில் பேச்சு எதிரொலித்துக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். அம்மையார் தம் மகள் வீட்டில், புடவைகள் நிறைந்த பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு, அதன் முன் அமர்ந்து வாசித்தார். துணிகள் எதிரொலியை விழுங்கிவிட்டன. குரல் தனியாக இருந்ததால், அதே படத்துக்கு இந்தியிலும் ஓர் உரை சேர்க்க முடிந்தது. குழாயும் ரயிலும் ஒலிக்கும் இடங்களில் மட்டும் அசல் ஓசையை விட்டோம். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரண வீடியோவாக அனுப்பினால் நுணுக்கங்கள் நசுங்கி ஓதக்கறைகூடத் தெரியாமற் போகும். டாக்குமெண்டாக இணைத்து அனுப்பினால் எடுத்தபடியே போய்ச் சேரும்.

பழைய படத்துக்கு வந்த அழைப்புகளில் பாதிகூட இதற்கு வரவில்லை என்றார் அம்மையார். வந்தவற்றிலும் இருவர், கட்டில் பெரியது என்று தாமே விலகிக்கொண்டனர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. மூன்றாவது வாரம், திருநெல்வேலிப் பக்கத்தவரான ஓர் இளந்தம்பதியர் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்தனர். 54 படிகளையும் எண்ணிக்கொண்டே ஏறினார்களாம். உள்ளே வந்ததும் அந்தப் பெண் ஓதச் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது தெரியும் அம்மா, படத்தில் பார்த்தோம், துணி துவைக்கும் இயந்திரத்தை எங்கே வைப்பது?” என்று கேட்டாள்.

அது படத்தில் இல்லை. நான் அதை நினைக்கவே இல்லை. குளிக்கும் அறைக்குள் இடம் கிடையாது. நடையின் கோடியில் 2 அடிச் சதுரம் ஒன்று இருக்கிறது, ஆனால் தண்ணீர் வெளியேற அங்கே துளை இல்லை. குளிக்கும் அறைக் கதவின் அடியாகக் குழாயை விட்டால்தான் ஆகும். நாடாவைக் கொண்டுவந்து அளந்து, அவர்களுடைய இயந்திரம் அங்கே நிற்கும் என்று கண்ட பிறகே ஒப்பந்தம் பேசினார்கள். அவர்கள் இப்பொழுது அந்த வீட்டில் இருக்கிறார்கள். அடுத்த முறை படமெடுப்பதற்கென்று வைத்திருக்கும் காட்சித் திட்டத் தாளில், நடைக்கு ஆறு விநாடி என்றிருந்ததை அடித்துப் பதினான்கு என்று எழுதி, பக்கத்தில் ‘இயந்திரம் வைக்கும் இடம், மின் முனை, தண்ணீர் போகும் வழி’ என்று குறித்து வைத்திருக்கிறேன்.